பொம்மை எப்போது கப்பலாகிறது? கணினிக்கு முந்தைய விண்கலங்களுக்கும் அரக்கர்களுக்கும் பின்னால் இருந்த கணக்கு

பழைய அறிவியல் புனைவுத் தொடர்களை இப்போது யூடியூபிலோ ஓடிடியிலோ பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஒரு காட்சியில் ராட்சத வாகனம் ஒன்று தரையிறங்குகிறது. அதன் கனத்தை நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர்கிறோம். அடுத்த நிமிடமே அதே வாகனம், குழந்தை கயிறு கட்டி இழுக்கும் பொம்மை மாதிரி குதித்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு காட்சியிலும் இருப்பது ஒரே மாடல். செய்தவர்களும் அதே ஆட்கள். பிறகு எதனால் ஒன்று நம்பும்படி இருக்கிறது, மற்றொன்று இல்லை?

மாடலை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினார்கள் என்பதில் பதிலின் ஒரு சிறு பகுதிதான் இருக்கிறது. மீதியெல்லாம் கேமரா ஓடிய வேகம், விளக்குகளின் எண்ணிக்கை, லென்ஸின் துவாரம் ஆகியவற்றில் இருக்கிறது. 1960களிலும் 70களிலும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வேலை செய்த குழுக்கள் இதற்கு ஒரு தெளிவான கணக்கு வைத்திருந்தன. அந்தக் கணக்கை முதலில் புரிந்துகொண்டால், அப்புறம் எந்தப் பழைய காட்சியைப் பார்த்தாலும் எங்கே வென்றார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று நாமே சொல்லிவிடலாம்.

## சின்னது என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது

முதலில் இரண்டு சொற்கள். படப்பிடிப்புக்காகச் சிறிதாகச் செய்த பொருளை மினியேச்சர் என்கிறோம். அது உண்மைப் பொருளைவிட எத்தனை மடங்கு சிறியது என்பதுதான் அதன் அளவு விகிதம். 20 மீட்டர் கட்டடத்தை 80 சென்டிமீட்டரில் செய்தால் அது 25இல் 1 பங்கு.

திரையில் தெரியும் பொருளின் உயரத்தை நேரடியாக அளக்க நம் கண்ணால் முடியாது. சுற்றியிருக்கும் அடையாளங்களை வைத்துத்தான் ஊகிக்கிறது. மினியேச்சரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் முக்கியமாக மூன்று:

1. விழும் நேரம். சின்னப் பொருள் சின்ன உயரத்திலிருந்து விழுவதால் சட்டென்று தரையைத் தொட்டுவிடும்.
2. ஃபோகஸ். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைப் படம் எடுத்தால் அதன் முன்பகுதி தெளிவாகவும் பின்பகுதி மங்கலாகவும் விழும்.
3. சிறிதாக்க முடியாத பொருட்கள். தண்ணீர், நெருப்பு, தூசி ஆகியவை நம் மாடலின் அளவைப் பார்த்துத் தங்களைச் சுருக்கிக்கொள்வதில்லை.

இவற்றில் முதலாவதுதான் மிக ஆழமானது. அதை நிதானமாகப் பார்ப்போம்.

## நேரத்தை நீட்டும் கணக்கு

20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுகிறது. தரையைத் தொட ஏறக்குறைய 2 வினாடி ஆகும். அதே கட்டடத்தை 25இல் 1 பங்கில், அதாவது 80 சென்டிமீட்டர் உயரத்தில் செய்து, அதன் உச்சியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டரைத் தள்ளினால் 0.4 வினாடியில் விழுந்துவிடும். உயரம் 25 மடங்கு குறைந்தது, நேரம் 5 மடங்குதான் குறைந்தது. புவியீர்ப்பில் விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இப்படி.

அந்த 0.4 வினாடியை அப்படியே திரையில் காட்டினால் முடிந்தது கதை. கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்ப்பவர் மனதுக்குள் "மேசை உயரம்தான்" என்று பதிந்துவிடும்.

இதற்கு வழி, கேமராவுக்குள் ஃபிலிமை வேகமாக ஓடவிடுவது. சாதாரணமாக ஃபிலிம் கேமரா வினாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும், திரையிலும் 24 ஃபிரேமாகவே ஓடும். எடுக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டினால், ஓட்டும்போது காட்சி நிதானமாகிவிடும். நம்மூர் சினிமாக்காரர்கள் ஹை ஸ்பீடு ஷாட் என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எளிது:

```
24 × √25 = 24 × 5 = 120
```

சரிபார்த்துவிடலாம். வினாடிக்கு 120 ஃபிரேமில், 0.4 வினாடிக்கு 48 ஃபிரேம் கிடைக்கும். அதை வினாடிக்கு 24 என்று ஓட்டினால் 2 வினாடி. உண்மைக் கட்டடத்திலிருந்து விழுந்த கல்லுக்கு ஆன அதே நேரம்.

இந்தக் கணக்கிலேயே ஒரு எல்லையும் ஒளிந்திருக்கிறது. மாடல் இன்னும் சிறியதாக, 100இல் 1 பங்காக இருந்தால் வினாடிக்கு 240 ஃபிரேம் வேண்டும். பெரிய ஃபிலிம் கேமராக்களுக்கு அது கடினமான வேகம். ஃபிலிம் கிழியும், படம் ஆடும். அதனால்தான் வெடித்துச் சிதற வேண்டிய, உருண்டு விழ வேண்டிய மாடல்களை எல்லாம் முடிந்தவரை பெரிதாகச் செய்தார்கள். ஒரே வாகனத்தைத் தூரக் காட்சிக்குச் சிறியதும், அருகில் இருந்து எடுக்கப் பெரியதுமாக மூன்று நான்கு அளவுகளில் செய்துவைக்கும் பழக்கம் அப்படி வந்தது.

பிபிசியின் டாக்டர் ஹூ போன்ற தொடர்களின் சில மாடல் காட்சிகள் ஏன் பலவீனமாகத் தெரிகின்றன என்பதும் இங்கே விளங்கும். அந்தக் கால ஸ்டுடியோ வீடியோ கேமராக்களுக்கு ஒரே வேகம்தான், கூட்ட வழியில்லை. மாடல் காட்சியைத் தனியாக ஃபிலிமில் எடுத்தால் தப்பிக்கலாம். நேரமோ பணமோ இல்லாமல் வீடியோவிலேயே எடுத்துவிட்டால், எவ்வளவு நல்ல மாடலானாலும் ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

## அதற்குக் கொடுத்த விலை: வெளிச்சம்

வேகத்தைக் கூட்டியதும் புதிய சிக்கல் ஒன்று வருகிறது. வினாடிக்கு 24 ஃபிரேம் எடுத்த இடத்தில் 120 எடுத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கும். படம் அதே அளவு பளிச்சென்று விழ ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும்.

இத்தோடு இரண்டாவது அடையாளமான ஃபோகஸ் பிரச்சினையும் சேர்கிறது. சாதாரண லென்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில் மாடலை வைத்து, துவாரத்தை எஃப் 2.8 என்று அகலமாகத் திறந்து எடுத்தால், ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் தெளிவாக இருக்கும். உண்மையான கப்பலைப் படம் எடுப்பவர் பல பத்து மீட்டர் தள்ளி நிற்பார், அவருக்கு முன்பின் எல்லாமே தெளிவாக விழும். மங்கலான பின்பகுதியைப் பார்த்ததும் கண் "இது பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருள்" என்று தீர்மானித்துவிடுகிறது. சில செல்போன்களில் ஊர்ப் படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கி, ஊரையே பொம்மைக் கொலு மாதிரி காட்டும் வசதி இருக்கிறதே, அது இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது.

மங்கலைப் போக்க லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். எஃப் 2.8இலிருந்து எஃப் 11க்குச் சுருக்கினால் தெளிவான ஆழம் இருபது சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆக, வேகத்துக்கு 5 மடங்கு, துவாரத்துக்கு 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 80 மடங்கு. நடிகர்களை வைத்து எடுக்கும் காட்சிக்குத் தேவையானதைப் போல எண்பது மடங்கு வெளிச்சத்தை ஒரு மேசை அகலத்துக்குள் கொட்ட வேண்டும்.

மினியேச்சர் ஸ்டுடியோக்களில் வெக்கை தாங்க முடியாமல் போனது இதனால்தான். பிளாஸ்டிக் வளையும், மெழுகு உருகும், பெயின்ட் உரியும். விளக்கை எரியவிட்டு ஒத்திகை பார்ப்பதே ஆபத்து என்பதால், எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, விளக்கைப் போட்ட சில வினாடிகளுக்குள் ஷாட்டை முடித்தாக வேண்டும்.

## ஸ்லவ் நகரத்துக் கொட்டகை: தண்டர்பேர்ட்ஸ்

இந்தக் கணக்கை வாராவாரம் தொலைக்காட்சிக்காகச் செய்துகாட்டிய இடம் இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டை. ஜெர்ரி ஆண்டர்சனின் நிறுவனம் அங்கேதான் தண்டர்பேர்ட்ஸ் தொடரை எடுத்தது. 1965இல் ஒளிபரப்பு தொடங்கி, மொத்தம் 32 அத்தியாயங்கள் வந்தன. மனிதர்கள் எல்லாம் நூல் கட்டிய பொம்மைகள். வாகனங்கள், கட்டடங்கள், விபத்துகள் ஆகியவை டெரக் மெடிங்ஸ் தலைமையில் இயங்கிய குழுவின் பொறுப்பு. எனக்குத் தெரிந்து, இந்தத் துறையின் அடிப்படைகளைப் படிக்க இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கனமான வாகனம் ஒன்று பாலைவனச் சாலையில் வேகமாகப் போக வேண்டும். நீளமான மேசையில் சாலை போட்டு மாடலை நூலால் இழுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 120 ஃபிரேமில் எடுப்பதால், மாடலையும் ஐந்து மடங்கு வேகமாக இழுத்தாக வேண்டும். மேசை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மாடல் எகிறிக் குதிக்கும், கேமராவால் பின்தொடரவும் முடியாது.

மெடிங்ஸ் குழு வாகனத்தை அசையாமல் நிறுத்திவிட்டு சாலையை ஓடவிட்டது. மாவு மில் பெல்ட் மாதிரி முடிவில்லாமல் சுற்றும் பட்டையின் மேல் சாலை. அதற்குப் பின்னால் புதரும் பாறையும் கொண்ட இன்னொரு பட்டை, அதற்கும் பின்னால் தூரத்துக் காட்சி வரைந்த பட்டை. ஒவ்வொன்றும் வேறு வேறு வேகம். ரயில் ஜன்னலில் பார்க்கும்போது பக்கத்துக் கம்பம் பறந்துபோகும், தூரத்துப் பனைமரம் மெல்ல நகரும் அல்லவா? அந்த வேக வித்தியாசத்தைத்தான் பட்டைகள் உருவாக்கின. சக்கரத்துக்குக் கீழே நெருப்பு வைத்தால் புகை கக்கும் சிறு ஜெடெக்ஸ் மோட்டார்களைப் பொருத்தி, புழுதியைக் கிளப்பினார்கள். விமானங்களுக்கும் இதே முறை. தண்டர்பேர்ட் 2 கம்பியில் தொங்கியபடி நிற்கும், பின்னால் மேகம் வரைந்த திரை உருளும்.

மாடலின் மேற்பரப்பிலும் ஒரு பெரிய மாற்றத்தை இவர்கள் பழக்கப்படுத்தினார்கள். அதற்கு முன்பு விண்கலம் என்றால் மழமழவென்று வெள்ளியாக மின்னும். இவர்களோ கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வாங்கி, அதிலுள்ள டாங்கிச் சக்கரம், எஞ்சின் துண்டு, குழாய் எல்லாவற்றையும் பிய்த்துத் தங்கள் வாகனத்தின் மேல் ஒட்டினார்கள். பிறகு அழுக்கேற்றினார்கள். தகடு இணையும் இடத்தில் பென்சில் கோடு, புகைபோக்கிக்குப் பின்னால் கரி, கீழ்ப்பகுதியில் எண்ணெய் வழிந்த தடம். அது என்ன பாகம், எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்குப் பிடிபடாத அளவு சின்ன விவரம் நிறைய இருந்தால், பொருள் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவுகட்டுகிறது.

இனி மூன்றாவது அடையாளம். வெடிப்புகளை பெட்ரோல் ஜெல், வெடிமருந்து, மெக்னீசியம் போன்றவற்றின் கலவைகளால் ஹை ஸ்பீடில் எடுத்துச் சமாளித்தார்கள். நெருப்பு ஓரளவு ஏமாறும், தண்ணீர் ஏமாறவே ஏமாறாது. நீர்த்துளியின் அளவை நிர்ணயிப்பது அதன் பரப்பு இழுவிசை, மாடலின் அளவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 3 மில்லிமீட்டர் துளி 25இல் 1 பங்கு மாடலின் பக்கத்தில் தெறித்தால், திரையில் அது ஏழரை சென்டிமீட்டர் துளியாகத் தெரியும். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய துளிகள் கப்பலின் மேல் உருண்டோடும். எந்த ஃபிரேம் வேகமும் இதைச் சரிசெய்யாது. பழைய கடல் காட்சிகளில் கப்பல் அசலாகவும் அலை போலியாகவும் தெரிந்தால் காரணம் இதுதான்.

அதே குழு 1964இல் ஸ்டிங்ரே என்ற நீர்மூழ்கிக் கப்பல் தொடரை எடுத்தபோது கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. நீருக்கடியில் நடக்கும் காட்சிகளில் மாடலைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. கேமராவுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒல்லியான மீன் தொட்டி ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குள் உண்மை மீன்கள், மேலெழும் காற்றுக் குமிழிகள். தொட்டிக்குப் பின்னால், காய்ந்த தரையில், கம்பியில் தொங்கியபடி நீர்மூழ்கி ஓடும். விளக்கொளியை அலையாடவிட்டால் போதும், பார்ப்பவர் கடலுக்கடியில் இருப்பார்.

## விழுவதற்கு எதுவும் இல்லாத இடம்

விண்வெளிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே தூசி கிளம்பாது, கல் விழாது, புல் ஆடாது. அளவைக் காட்டிக்கொடுக்கும் அசைவு எதுவும் இல்லை என்பதால் ஹை ஸ்பீடு தேவையில்லை. அதே சமயம், அளவை உணர்த்தவும் எதுவும் இல்லை. மிச்சமிருப்பது கலத்தின் நிதானமான நகர்வு, அதன் மேல் விழும் வெளிச்சம், ஃபோகஸ்.

ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். 1964இல் ரிச்சர்ட் டேட்டின் முதலானவர்கள் அதைக் கட்டினார்கள். முதலில் 33 அங்குல மாடல் ஒன்று, பிறகு 11 அடிக்குச் சற்று மேலான பெரிய மாடல். மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு எல்லாம் சேர்ந்து எடை சுமார் 90 கிலோ. கதைப்படி கலத்தின் நீளம் 947 அடி என்பதால், இது ஏறக்குறைய 85இல் 1 பங்கு.

வீட்டு டிவியில் ஒரு சாண் அளவுக்குத் தெரியப்போகும் கலத்துக்கு 11 அடி எதற்கு? லென்ஸ் நெருங்கிப் போவதற்காகத்தான். கலம் நம் தலைக்கு மேல் கடந்துபோவது போன்ற ஷாட்டில், தட்டு வடிவ முன்பகுதி கேமராவுக்கு மிக அருகிலும் பின்னாலுள்ள எஞ்சின் குழாய்கள் தூரத்திலும் இருக்கும். மாடல் சிறியதாக இருந்தால் லென்ஸை அதன் மூக்கிலேயே ஒட்டிவைக்க வேண்டிவரும், ஃபோகஸ் சிதறிவிடும்.

இவ்வளவு கனமான பொருளைக் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டாமல் நகர்த்த முடியாது. ஆகவே மாடல் ஒரு தூணின் மேல் அசையாமல் நின்றது. தண்டவாளத்தில் கேமராதான் மெல்ல அதை நோக்கிப் போனது. பின்னணியில் நட்சத்திரங்களைத் தனியாகச் சேர்த்துவிட்டால், பார்ப்பவருக்குக் கலம் நகர்ந்ததாகவே தோன்றும்.

அந்த நட்சத்திரங்களைச் சேர்ப்பதற்குத்தான் ப்ளூ மேட் முறை. கணினி இல்லாமல் அது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. மாடலுக்குப் பின்னால் பளிச்சென்ற நீலத் திரையை வைத்துப் படம் எடுப்பார்கள்.
2. லேபில் அந்த ஃபிலிமை வடிகட்டிகள் வழியாகப் பிரதி எடுத்து, நீலம் இருந்த இடத்தையும் கலம் இருந்த இடத்தையும் கறுப்பு, வெள்ளை நிழலுருவாகப் பிரிப்பார்கள். இந்த நிழலுருவுக்குத்தான் மேட் என்று பெயர்.
3. ஆப்டிகல் பிரிண்டர் என்ற இயந்திரத்தில் நட்சத்திர ஃபிலிமை மேட்டோடு சேர்த்து ஓட்டுவார்கள். கலத்தின் வடிவத்தில் வெளிச்சம் படாத ஓட்டை ஒன்று புதிய ஃபிலிமில் விழும்.
4. அந்த ஃபிலிமையே பின்னால் சுற்றி, எதிர் மேட்டை வைத்து, ஓட்டைக்குள் கலத்தைப் பதிப்பார்கள்.

இதில் எங்கே தவறு நேரும் என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். நீலத் திரையின் ஒளி கலத்தின் வெளிர்ச் சாம்பல் உடம்பில் பட்டுத் தெறித்தால், அந்த இடமும் நீலம் என்று எண்ணி லேப் வெட்டிவிடும். கலத்தில் பொத்தல் விழுந்து நட்சத்திரம் தெரியும். மேட் ஒரு மயிரிழை நகர்ந்தால் கலத்தைச் சுற்றி மைக்கோடு தெரியும். பிரதியிலிருந்து பிரதி எடுப்பதால் ஃபிலிமின் பொரிகள் பெருகும். கலத்துக்குள்ளே நடிகர்கள் பேசும் காட்சி துல்லியமாகவும், வெளியே கலம் பறக்கும் காட்சி மணல் தூவியது போலவும் இருப்பது இதனால்தான். ஒரு ஷாட்டுக்கு இவ்வளவு பாடு என்பதால், எடுத்து வைத்த ஷாட்டுகளையே அத்தியாயம் அத்தியாயமாகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

மாடலுக்குள் விளக்குகள் வந்ததும் இன்னொரு கட்டாயம் சேர்ந்தது. எஞ்சின் குழாய்களின் முனையில் சுழலும் ஒளியைக் கொண்டுவர, சிறு வண்ண பல்புகளும் கண்ணாடிச் சில்லுகளும் மோட்டாரில் சுற்றும் இதழ்களும் வைத்தார்கள். இத்தனைக்கும் மின்சாரம் வேண்டுமே? கலத்தின் இடது பக்கம் வழியாக வயர்களை உள்ளே விட்டார்கள். அந்தப் பக்கம் கேமராவுக்குத் தெரியக் கூடாது என்பதால் அதில் ஜன்னலும் இல்லை, எழுத்தும் இல்லை. எண்டர்பிரைஸைப் பெரும்பாலும் அதன் வலது பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் 1975இல் வந்த ஸ்பேஸ்: 1999 தொடரில், தண்டர்பேர்ட்ஸ் பள்ளியில் வளர்ந்த பிரையன் ஜான்சன் இந்த லேப் வேலையையே பெருமளவு தவிர்த்தார். கறுப்புப் பின்னணியில் ஈகிள் விண்கலத்தை எடுப்பார். ஃபிலிமைக் கழுவாமல் கேமராவிலேயே பின்னால் சுற்றி, அதே ஃபிலிமில் நட்சத்திரங்களை எடுப்பார். பிரதியே இல்லாததால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். சிக்கல் என்னவென்றால், கலம் போகும் வழியில் நட்சத்திரம் இருந்தால் அது கலத்தின் உடம்பு வழியாக ஒளிரும். அதற்காக, கலம் எங்கே போகிறது என்பதைக் குறித்துவைத்து, அந்தப் பாதையில் நட்சத்திரம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால், அதுவரை எடுத்ததும் சேர்ந்து போய்விடும். அந்தத் தொடரின் படங்கள் இன்றும் துல்லியமாக இருப்பதற்கு இந்தத் துணிச்சல்தான் காரணம்.

## அரக்கன்: ஓர் ஆள் உயர மினியேச்சர்

அரக்கர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. சின்னப் பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்கும் ஸ்டாப் மோஷன் ஒன்று. ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 ஃபிரேம். வாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டிய தொடருக்கு இது எட்டாத வேலை. மற்றொன்று, ஜப்பானியர்கள் தேர்ந்த வழி: ஆளுக்கு உடை மாட்டிவிடுவது.

1954இல் காட்ஜில்லா படத்துக்கு அரக்கனை உருவாக்கிய எய்ஜி சுபுராயா, 1966இல் தன் நிறுவனத்தின் வழியாக அல்ட்ராமேன் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். அல்ட்ராமேனின் உயரம் 40 மீட்டர் என்று கதை சொல்கிறது. உடைக்குள் இருந்த நடிகரின் உயரம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விகிதம் 22இல் 1 பங்கு. நாம் முதலில் போட்ட 25க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், பாருங்கள். இது தற்செயல் என்றாலும் பெரிய வசதி. இந்த அளவில் ஐந்து மாடிக் கட்டடம் நடிகரின் தொடையளவில் நிற்கும். பிளாஸ்டரில் செய்து, முன்கூட்டியே கீறி வைத்தால் விழும்போது அழகாக உடையும். ஹை ஸ்பீடு கேமராவுக்கு எட்டும் வேகத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் கணக்கு கேட்கும் முழு வேகத்தில் எடுத்தால், சண்டை போடும் மனிதர்கள் நீருக்குள் நீந்துவது போல ஆகிவிடுவார்கள். கட்டடம் நன்றாக விழும், குத்து குத்தாக இருக்காது. அதனால் இடிபாட்டுக்கு ஒரு வேகம், மல்லுக்கட்டுக்கு ஒரு வேகம் என்று ஷாட்டுக்கு ஷாட் சமரசம் செய்ய வேண்டியிருந்தது. வேகத்தால் கொண்டுவர முடியாத உயரத்தைக் கேமராவின் இடத்தால் கொண்டுவந்தார்கள். கேமராவைத் தரையோடு தரையாக, மினியேச்சர் தெருவில் நிற்கும் ஆளின் கண்மட்டத்தில் வைத்து, முன்னால் ஒரு கூரை விளிம்பையோ மின்கம்பியையோ குறுக்கே விட்டு, அதன் மேலாக அரக்கனை அண்ணாந்து பார்ப்பது. இதே காட்சியை நடிகரின் நெஞ்சு மட்டத்திலிருந்து எடுத்தால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் மனிதர்தான் தெரிவார். பழைய அத்தியாயங்களில் பொம்மைத்தனம் தெரியும் ஷாட்டுகளை நிறுத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் கேமரா உயரத்தில் இருக்கும்.

உடை செய்வது செலவான வேலை என்பதால் பழையதையே மாற்றிப் பயன்படுத்தினார்கள். அல்ட்ராமேனின் பத்தாவது அத்தியாயத்தில் வரும் ஜிராஸ் என்ற அரக்கன், காட்ஜில்லா உடைக்குக் கழுத்தைச் சுற்றி விசிறி போன்ற மடிப்பு ஒன்றைச் சேர்த்துச் செய்தது. சண்டையின் நடுவே அல்ட்ராமேன் அந்த மடிப்பைப் பிய்த்து எறிவார். அப்போது கீழே இருந்த பழைய உடை அப்படியே வெளியே தெரியும்.

## இந்த முறைகள் எதுவரை ஓடின

கையால் தள்ளிய கேமராவால் ஒரே நகர்வை இரண்டாவது முறை அச்சு அசலாகச் செய்ய முடியாது. 1970களின் இறுதியில் வந்த மோஷன் கன்ட்ரோல், கேமராவின் ஒவ்வோர் அசைவையும் மோட்டார்களின் வழியாகப் பதிவுசெய்து எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் செய்தது. கலத்தின் உடம்புக்கு ஒரு ஓட்டம், ஜன்னல் விளக்குக்கு ஒரு ஓட்டம், மேட்டுக்கு ஒரு ஓட்டம் என்று பிரித்து எடுக்க முடிந்தது. ஒரு ஃபிரேமுக்குச் சில வினாடிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், துவாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். எண்பது மடங்கு விளக்கு தேவையில்லை. 1978இன் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, 1987இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் இரண்டும் இப்படி எடுத்தவை. 1993இல் வந்த பாபிலோன் 5 தன் விண்கலங்களைக் கணினியிலேயே வரைந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் மற்றவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

11 அடி எண்டர்பிரைஸ் 1974இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. 2016இல் அதைப் பழுதுபார்த்து, வாஷிங்டனிலுள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். உள்ளே பழைய பல்புகளுக்குப் பதில் எல்இடி விளக்குகள் எரிகின்றன. வலது பக்கம் நின்று பார்த்தால் ஜன்னல்கள், எழுத்துகள், சுழலும் ஒளி என்று தொடரில் பார்த்த அதே கலம். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தால், கேமரா ஒருநாளும் பார்க்காத அந்த வெறும் பக்கத்தை இப்போது நாம் பார்க்கலாம்.